ஒரே தெரு, இரண்டு வயது வரம்பு

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே நடந்தால், யூனியன் பிரதேசம் எங்கே முடிந்தது, தமிழ்நாடு எங்கே தொடங்கியது என்று சட்டெனச் சொல்ல முடியாது. கடைகளின் வரிசை அப்படியே தொடர்கிறது. முகவரியில்தான் மாற்றம் தெரியும். கோட்டக்குப்பம் விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். 2021இல் நகராட்சி ஆனது. ஆனால் இந்த ஊர்க்காரர்களின் பிள்ளைப்பேறு பெரும்பாலும் ஜிப்மரிலோ புதுச்சேரியின் மற்ற மருத்துவமனைகளிலோதான். படிப்பில் பாதி, வேலையில் பாதி, சம்பந்தம் பேசுவதில் பாதி எல்லைக்கு அந்தப் பக்கம். ஒரு வீட்டு இரும்புப் பெட்டியைத் திறந்தால் இரண்டு அரசுகளின் முத்திரை பதித்த காகிதங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும்.

ரேஷன் கடைக்கும் கல்யாணத்துக்கும் இது ஒரு விஷயமே இல்லை. அரசு வேலை அறிவிப்பு வரும்போதுதான் எந்தக் காகிதத்தில் எந்த அரசின் முத்திரை என்பது முக்கியமாகிறது.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் 2025 ஏப்ரல் 25 அன்று குரூப் 4 அறிவிப்பை வெளியிட்டது. 3,935 இடங்கள், மே 24 வரை விண்ணப்பம், ஜூலை 12 அன்று தேர்வு. பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான் அடிப்படைத் தகுதி என்பதால் மரக்காணம் உப்பளப் பகுதியிலிருந்து கோட்டக்குப்பம் வரை வீட்டுக்கு ஒருவர் எழுதக்கூடிய தேர்வு இது. இந்த அறிவிப்பை ஒரு வீட்டில் வைத்துப் படித்துப் பார்ப்போம். வீடு என் கற்பனை. விதிகள் நிஜம்.

அந்த வீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி கோட்டக்குப்பத்திலேயே பிறந்து வளர்ந்த மகள். மற்றவள் முத்தியால்பேட்டையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த மருமகள். இருவரும் லப்பை சமூகம். இருவரும் பி.ஏ. முடித்தவர்கள். பிறந்த மாதமும் ஆண்டும்கூட ஒன்றுதான், 1989 மார்ச். ஒரே ஸ்கூட்டியில் போய் ஒரே இ-சேவை மையத்தில் விண்ணப்பம் போடுகிறார்கள். ஆணையத்தின் கணக்கில் மகளுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. மருமகளோ நான்கு வருடத்துக்கு முன்பே வயது கடந்தவள்.

இளநிலை உதவியாளர் போன்ற பதவிகளுக்கு அறிவிப்பில் தரப்படும் வயது அட்டவணையில் இரண்டு பத்திகள் இருக்கும். குறைந்தபட்ச வயதின் தலைப்பில் ‘நிறைவடைந்திருக்க வேண்டும்’ என்றும், அதிகபட்ச வயதின் தலைப்பில் ‘நிறைவடைந்திருக்கக் கூடாது’ என்றும் இருக்கும். இரண்டாவது தலைப்பை வேகமாகக் கடந்துபோகிறவர்கள் ஒரு முழு ஆண்டைத் தவறாகக் கணக்கிடுகிறார்கள். பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்ட முஸ்லிம், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் ஆகியோருக்கு 34 என்று போட்டிருந்தால், 34 வயதுக்காரர் எழுதலாம் என்று அர்த்தம் இல்லை. 34 நிறைந்துவிட்டால் கதவு மூடிவிடும். முப்பத்து நான்காவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் வரைதான் திறந்திருக்கும். வயதைக் கணக்கிடும் தேதி 2025 ஜூலை 1. ஆக, 1991 ஜூலை 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவருக்கு அந்த வரம்பில் இடம் உண்டு. ஜூலை 1 அன்று பிறந்தவருக்கு இல்லை. பட்டியல் சாதியினர், அருந்ததியர், பழங்குடியினர், எல்லாச் சாதியிலும் உள்ள ஆதரவற்ற விதவைகள் ஆகியோருக்கு வரம்பு 37. இவர்களில் எவரும் இல்லாத ‘ஏனையோர்’க்கு 32. கொரோனாவில் தேர்வுகள் நின்றுபோனதால் 2021 செப்டம்பரில் அரசு இரண்டு ஆண்டு கூட்டிய பிறகு கிடைத்த எண்கள் இவை. பழைய வழிகாட்டிப் புத்தகத்தில் 30, 32, 35 என்று பார்த்துவிட்டு விண்ணப்பிக்காமலேயே ஒதுங்கியவர்களும் இருக்கிறார்கள்.

மகளுக்கு 36 நிறைந்துவிட்டது. 34ஐத் தாண்டியாயிற்று. ஆனாலும் அவளுக்கு வரம்பில்லை என்றேனே, அது அட்டவணைக்குக் கீழே சின்ன எழுத்தில் வரும் குறிப்பினால். இடஒதுக்கீட்டுப் பிரிவினர் அந்தப் பதவிக்குக் கேட்ட குறைந்தபட்சப் பொதுக் கல்வித் தகுதியைவிடக் கூடுதலாகப் படித்திருந்தால் உச்ச வயது வரம்பு பொருந்தாது. ‘வரம்பில்லை’ என்பதற்கும் எல்லை உண்டு. 60 வயது நிறைந்திருக்கக் கூடாது, அவ்வளவுதான். பத்தாம் வகுப்பு போதும் என்ற பதவிக்கு அவளிடம் பிளஸ் டூவும் பட்டமும் இருக்கின்றன. அதனால் 36 வயதிலும் எழுதலாம், 46 வயதிலும் எழுதலாம். ஒரு எச்சரிக்கை. ஒரே குரூப் 4 அறிவிப்புக்குள் பல பதவிகள் சேர்ந்து வருகின்றன. கிராம நிர்வாக அலுவலருக்கு வயது வரிசையே வேறு. குறைந்தபட்சம் 21, அதிகபட்சம் ஏனையோருக்கு 32, மற்றவர்களுக்கு 42. ஆகவே எந்தக் குறிப்பு எந்தப் பதவிக்கு என்பதை வரிசை எண் பார்த்துப் படிக்க வேண்டும். ‘குரூப் 4க்கு வயது வரம்பு என்ன’ என்ற கேள்விக்கு ஒரே எண்ணைப் பதிலாகச் சொல்கிறவர் அறிவிப்பை முழுதாகப் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் குறிப்பைப் பற்றி எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மரக்காணத்தில் உப்பு வாரப் போகும் ஒருவர், மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பு, பத்தாவதோடு படிப்பை நிறுத்திக் குடும்பத்தைத் தூக்கியவர், 35 வயதில் இந்த அறிவிப்பைப் பார்க்கிறார் என்று வையுங்கள். வேலைக்குப் பத்தாவது போதும், அவரிடம் பத்தாவது இருக்கிறது, ஆனால் அவருக்கு 34 தான் வரம்பு. அவருடன் படித்து, கல்லூரிக்குப் போய், பட்டம் வாங்கி, வேலை கிடைக்காமல் திரும்பியவருக்கு வரம்பே இல்லை. படித்துவிட்டுக் காத்திருந்தவரின் ஆண்டுகள் வீணாகக் கூடாது என்பது விதியின் நோக்கமாக இருக்கலாம். ஆனால் வறுமையால் சீக்கிரம் பள்ளியை விட்டவருக்குக் குறைந்த கால அவகாசமும், கூடுதலாகப் படிக்க முடிந்தவருக்கு நீண்ட கால அவகாசமும் தருவதுதான் அதன் விளைவு. சலுகை யாருக்கு அதிகம் தேவையோ அவரைத்தான் இது முதலில் வெளியே நிறுத்துகிறது.

கூடுதல் படிப்பு என்று காட்டுவதற்கும் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன. ஒன்று வரிசை. பத்து, பன்னிரண்டு, பிறகு பட்டம் என்ற ஒழுங்கில் படித்திருக்க வேண்டும். பன்னிரண்டாவது இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேராகப் பட்டம் வாங்கியவர்களின் பட்டம் அரசு வேலைக்குச் செல்லாது என்பது 2009இல் தமிழக அரசு போட்ட ஆணை. இன்னொன்று தேதி. வயதுக்கு ஜூலை 1 என்றால் படிப்புக்கும் அதே தேதிதானே என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. கல்வித் தகுதியை அறிவிப்பு வெளியான நாளன்றே பெற்றிருக்க வேண்டும். அந்த ஆண்டு பத்தாம் வகுப்பு முடிவு மே 16 அன்று வந்தது. விண்ணப்பக் கடைசி நாளோ மே 24. தனித்தேர்வராக எழுதி மே 16 அன்று தேர்ச்சி பெற்ற முப்பது வயதுக்காரர் ஒருவருக்கு விண்ணப்பிக்க எட்டு நாள் இருந்தது. ஆனால் அறிவிப்பு நாளான ஏப்ரல் 25 அன்று அவர் பத்தாவது தேறியவர் இல்லை. இணையதளம் அவர் விண்ணப்பத்தை வாங்கிக்கொள்ளும், கட்டணம் கேட்டால் அதையும் வாங்கிக்கொள்ளும், ஹால் டிக்கெட்டும் தரும். சான்றிதழ் சரிபார்ப்பில்தான் தேதி பேசும். ஹால் டிக்கெட் வந்துவிட்டால் தகுதி உறுதியாகிவிட்டது என்று நம்புவது இந்தத் துறையில் மிகப் பழைய, மிகச் செலவு வைக்கும் நம்பிக்கை.

இனி மருமகளின் கதைக்கு வருவோம். அவளும் பட்டதாரி. லப்பை சமூகம் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பட்டியலில் உள்ள ஏழு பெயர்களில் ஒன்று. அன்சார், தக்காணி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தரும் மரைக்காயரும் உள்ளடங்கிய லப்பை, மாப்பிள்ளா, ஷேக், சையத் என்பது அந்தப் பட்டியல். 2007இல் இவர்களுக்கு 3.5 விழுக்காடு தனியாகப் பிரிக்கப்பட்டது. புதுச்சேரியிலும் முஸ்லிம்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. பெயர் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. அப்புறம் என்ன தடை?

அவளிடம் இருக்கும் சாதிச் சான்றிதழ் புதுச்சேரி வருவாய்த் துறை கொடுத்தது. பிற மாநிலங்களையும் யூனியன் பிரதேசங்களையும் சேர்ந்தவர்கள் தமிழ்நாட்டின் இடஒதுக்கீட்டைக் கோர முடியாது, அவர்கள் ‘ஏனையோர்’ என்றே எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்பது ஆணையத்தின் விதி. ஏனையோர் என்றால் வரம்பு 32. கூடுதல் படிப்புக்கான சலுகை இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு மட்டும் என்பதால் பட்டமும் அவளுக்கு உதவாது. முப்பது வயதில் இதே சான்றிதழோடு விண்ணப்பித்திருந்தால் அவள் இழந்திருப்பது ஒதுக்கீட்டை மட்டும். பொதுப்போட்டியில் மதிப்பெண்ணால் வர வாய்ப்பு இருந்திருக்கும். 36 வயதில் அதே காகிதம் தகுதியையே பறித்துவிடுகிறது.

கல்யாணமாகிப் பதினைந்து வருடமாகக் கோட்டக்குப்பத்தில் இருக்கிறாளே, ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, ஆதார் எல்லாம் இங்கேதானே என்று கேட்கலாம். அவளைப் போன்றவர்கள் வானூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் புதிதாகச் சான்றிதழ் கேட்கவும் நினைப்பார்கள். இங்கே இன்னொரு விதி குறுக்கே வருகிறது. திருமணமான பெண் சாதிச் சான்றிதழைத் தந்தையின் பெயரில்தான் பெற்றிருக்க வேண்டும். கணவர் பெயரில் வாங்கியது செல்லாது. சாதி பிறப்பால் வருவது, கல்யாணத்தால் மாறுவதில்லை என்பது இதன் அடிப்படை. ஆகவே வட்டாட்சியர் அலுவலகம் கேட்கும் முதல் கேள்வி ‘அப்பாவுக்கு எந்த ஊர்?’ என்பது. அப்பா முத்தியால்பேட்டை. கோப்பு அங்கேயே நிற்கும்.

இதே விதி மறுபக்கத்தில் கைகொடுக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கோட்டக்குப்பத்துப் பெண் முத்தியால்பேட்டைக்கு மருமகளாகப் போனால், அப்பா பெயரில் வானூரில் வாங்கிய சான்றிதழ் அவளோடு போகிறது. சென்னைத் தேர்வாணையத்தின் கண்ணில் அவள் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்தான். ‘கல்யாணம் ஆகிட்டா, இனிமே பாண்டிச்சேரி ஆளு’ என்று இ-சேவை மையத்தில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிறந்த மருத்துவமனையையும் இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜிப்மரில் பிறந்ததால் பிறப்புச் சான்றிதழ் புதுச்சேரி அரசுடையதாக இருப்பது ஒருவரைப் புதுச்சேரிக்காரர் ஆக்குவதில்லை. பிறப்புச் சான்றிதழ் பிறந்த இடத்தைச் சொல்கிறது. சாதிச் சான்றிதழ் தந்தையின் நிலையான குடியிருப்பைப் பின்தொடர்கிறது. கோட்டக்குப்பத்தில் ஜிப்மர் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்கள் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியவர்கள் ஒரு தலைமுறைக்கு முன் வாடகை குறைவு என்று புதுச்சேரியிலிருந்து எல்லை தாண்டி வந்து குடியேறியவர்களின் பிள்ளைகள். தந்தையின் ஆவணங்கள் எல்லாம் அந்தப் பக்கத்தவை என்றால், அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் இப்போதே வட்டாட்சியர் அலுவலகத்தில் நிலையைத் தெரிந்துகொள்வது நல்லது.

எல்லை தாண்டினால் சலுகை ஏன் கூடவே வருவதில்லை என்பதற்கு உச்ச நீதிமன்றம் 1990இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் ஒரு விளக்கம் தந்தது. ஆந்திரத்தில் பழங்குடியாக அறிவிக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர் மும்பையில் மருத்துவக் கல்லூரி இடம் கேட்ட வழக்கு அது. ஒரு சமூகம் எந்த அளவு பின்தங்கியிருக்கிறது என்பது அந்தந்த மாநிலத்தின் நிலைமையைப் பொறுத்தது, ஒரு மாநிலத்தில் பட்டியலில் இருப்பது இன்னொரு மாநிலத்துக்கு ஒட்டி வராது என்றது நீதிமன்றம். மும்பைக்கும் ஆந்திரத்துக்கும் நடுவே இந்த வாதம் நிற்கிறது. முத்தியால்பேட்டைக்கும் கோட்டக்குப்பத்துக்கும் நடுவே அதை நிறுத்திப் பாருங்கள். ஒரே கடல், ஒரே மீன் ஏலம், ஒரே பள்ளிவாசல் உறவுகள். சாலையின் ஒரு பக்கம் பின்தங்கியவர் மறுபக்கம் முன்னேறியவர் ஆகிவிடுவாரா?

இந்த எல்லையிலேயே ஒரு வழக்கு நடந்தது. புதுச்சேரி கல்வித் துறையின் ஆசிரியர் பணிகளில், வெளியிலிருந்து வந்து குடியேறிய பட்டியல் சாதியினருக்கும் ஒதுக்கீடு உண்டா என்ற சண்டை. எஸ். புஷ்பா வழக்கில் 2005 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், யூனியன் பிரதேசம் மத்திய அரசின் கொள்கையைப் பின்பற்றலாம், ஆகவே அப்படி வந்தவர்களையும் சேர்த்தது தவறில்லை என்றது. பிறகு மற்ற அமர்வுகள் அந்தத் தீர்ப்பை ஐயத்தோடு பார்த்தன. 2018 ஆகஸ்டில் பீர் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, ஒரு மாநிலத்தின் பட்டியல் சாதி நிலை வேறு மாநிலத்தில் ஒதுக்கீட்டுக்கு உதவாது என்ற பழைய நிலையையே உறுதிப்படுத்தியது. ஆக, சட்டம் இன்றைக்கு மருமகளுக்குச் சாதகமாக இல்லை. என் கருத்தில் இது நியாயமும் இல்லை. எல்லையை ஒட்டிய ஊர்களில் திருமணத்தால் வந்து குறிப்பிட்ட ஆண்டுகள் வாழ்ந்த பெண்களுக்கு, அவர்களின் சமூகம் இரண்டு பட்டியலிலும் இருந்தால், குறைந்தபட்சம் வயதுத் தளர்வையாவது தருவதைப் பற்றி அரசு யோசிக்கலாம். ஒதுக்கீட்டு இடத்தில் கை வைக்காமல் போட்டிக்குள் நுழைய மட்டும் விடும் சலுகை அது. ஆனால் அது அரசும் சட்டமன்றமும் பேச வேண்டிய விஷயம். விண்ணப்பப் படிவத்தில் ‘பி.சி.எம்.’ என்று குறித்துவிட்டு வாதாடிப் பார்க்கலாம் என்று நினைப்பவர் தேர்வு எழுதி, மதிப்பெண்ணும் வாங்கி, சரிபார்ப்பு மேஜையில் வெளியேறுவார்.

மருமகளுக்கு எல்லாக் கதவும் மூடிவிடவில்லை. மத்திய அரசு வேலைகளில் எந்த மாநிலத்துச் சான்றிதழும் செல்லும். இதர பிற்படுத்தப்பட்டோருக்கான மத்தியப் பட்டியல் மாநிலவாரியாக, யூனியன் பிரதேசவாரியாகத் தனித்தனியே இருக்கிறது. அவளுடைய சமூகம் புதுச்சேரிக்கான மத்தியப் பட்டியலில் இருந்தால் புதுச்சேரிச் சான்றிதழே போதும். பட்டியல் சாதியினர் வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால், தந்தைக்கு முந்தைய மாநிலம் கொடுத்த சான்றிதழின் அடிப்படையில் புதிய ஊரில் வாங்கிக்கொள்வதற்கு மத்திய அரசின் படிவத்திலேயே தனிப் பத்தி இருக்கிறது. தமிழ்நாட்டில் செல்லாதது ரயில்வேயில் செல்லும். ஆனால் அங்கே அவளுக்கு வயது பகை. பணியாளர் தேர்வு ஆணையத்தின் பல பதவிகளுக்கு உச்ச வயது 25 அல்லது 27. இதர பிற்படுத்தப்பட்டோருக்குக் கூடுவது மூன்றே ஆண்டு, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் ஐந்து. கூடுதலாகப் படித்தால் வரம்பில்லை என்ற பேச்சே அங்கு கிடையாது. தமிழ்நாட்டு விதியைப் படித்துப் பழகியவர்கள் மத்திய அறிவிப்பிலும் அதைத் தேடி ஏமாறுவதுண்டு.

அவளுடைய நாத்தனாரான அந்த வீட்டு மகளுக்கும் மத்திய வேலையில் ஒரு பொறி இருக்கிறது. வானூரில் வாங்கிய பி.சி.எம். சான்றிதழ் அங்கே அப்படியே செல்லாது. மத்திய அரசுக்கான ஓ.பி.சி. சான்றிதழ் தனி. பெற்றோரின் வருமான நிலை பார்த்து, வசதி படைத்த பிரிவில் வரவில்லை என்று எழுதித்தருவது. எட்டு லட்ச ரூபாய் என்ற ஆண்டு வருமான எல்லை 2017இல் வைத்தது. அந்தக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது என்பது பலருக்குத் தெரியாததால், அரசு ஊழியரின் பிள்ளைகள் தாமாகவே ஒதுங்குவதும் நடக்கிறது. பெற்றோர் வகிக்கும் பதவியின் நிலையை அங்கே தனியாகப் பார்ப்பார்கள். படிவத்தின் வடிவமும் முக்கியம். உத்தரப் பிரதேசக் காவல் துறைப் பணிக்கு, மாநிலம் கேட்ட படிவத்தில் இல்லாத ஓ.பி.சி. சான்றிதழைக் கொடுத்தவரை நிராகரித்தது சரியே என்று 2025இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சாதி உண்மைதானே என்ற வாதம் எடுபடவில்லை. அறிவிப்பின் பின்னிணைப்பில் படிவம் அச்சிட்டிருந்தால் அந்தப் படிவத்தில்தான் வாங்க வேண்டும்.

இந்தக் கடலோரத்தில் விதவைப் பெண்களுக்கான வரியைத் தனியாகச் சொல்லாமல் முடியாது. கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீடுகள் இங்குண்டு. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தபோது எத்தனை இளம் மனைவிகள் தனித்து நின்றார்கள் என்பதை நாம் பார்த்தோம். ‘ஆதரவற்ற விதவை’ என்று அறிவிப்பு சொல்வதைக் கணவரை இழந்த எல்லோரும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். சட்டத்தில் அதற்குத் திட்டமான பொருள் உண்டு. எல்லா வழியிலும் வரும் மாத வருமானம் 4,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. குடும்ப ஓய்வூதியமும் அதில் சேரும். மறுமணம் செய்தவர் வர மாட்டார். விவாகரத்தானவரும் கணவரால் கைவிடப்பட்டவரும் வர மாட்டார்கள். வட்டாட்சியர் தரும் விதவைச் சான்றிதழ் இதற்குப் போதாது. வருவாய்க் கோட்டாட்சியர், சார் ஆட்சியர் அல்லது உதவி ஆட்சியர் ஆணையத்தின் படிவத்தில் தர வேண்டும். அது கையில் இருந்தால் எந்தச் சாதியானாலும் 37 வரை வயது வரம்பு, பெண்களுக்கான 30 விழுக்காட்டுக்குள் பத்தில் ஒரு பங்கும் உண்டு. மத்திய அரசின் பல பதவிகளில் விதவைகளோடு விவாகரத்து பெற்றவர்களும் நீதிமன்றத்தால் பிரிந்து வாழ்பவர்களும் மறுமணம் செய்யாதிருந்தால் 35 வரை எழுதலாம். இதர பிற்படுத்தப்பட்டோருக்கு அது 38, பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்களுக்கு 40. கைவிடப்பட்ட பெண்ணுக்குத் தமிழ்நாட்டு விதியில் இடமில்லாததற்குக் காரணம் எனக்குப் புலப்படவில்லை.

‘ஏனையோர்’ பிரிவில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய வரி ஒன்று உண்டு. மாநில அரசிலோ மத்திய அரசிலோ ஐந்தாண்டு முறையான பணி முடித்தவர், வயது வரம்புக்குள் இருந்தாலும் விண்ணப்பிக்க முடியாது. மத்திய அரசின் பொருளாதாரத்தில் நலிந்தோர் சான்றிதழ் தமிழ்நாட்டுத் தேர்வில் பயன்படாது. மத்திய வேலையிலும் அதற்கு வயதுத் தளர்வு இல்லை.

சாதிச் சான்றிதழை யார் கொடுத்தார் என்பதையும் பார்க்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் துணை வட்டாட்சியர் நிலை அலுவலர், பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர், பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர். பழைய அட்டைச் சான்றிதழ்களில் ‘முஸ்லிம்’ என்று மட்டும் எழுதி உட்பிரிவு இல்லாமல் இருப்பதைப் பார்க்கலாம். ஏழு பெயர்களில் ஒன்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். பெயரின் எழுத்தும் இனிஷியலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருப்பதுபோல் இருக்கின்றனவா என்று ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுவதும் நல்லது. பிறந்த தேதிக்கு ஆணையம் நம்புவது அந்தப் பத்தாம் வகுப்புச் சான்றிதழைத்தான். விண்ணப்பத்தில் குறிக்காமல் விட்ட சலுகையைப் பின்னால் கேட்டால் தர மாட்டார்கள். திருத்தத்துக்கென்று கொடுக்கும் மூன்று நாள் முடிந்ததோடு சரி.

இவ்வளவையும் ஒரு விண்ணப்பதாரர் எங்கிருந்து தெரிந்துகொள்வார்? அறிவிப்பில் பாதி இருக்கிறது. மீதி ‘விண்ணப்பதாரர்களுக்கான அறிவுரைகள்’ என்ற வேறொரு கோப்பில் இருக்கிறது. அறிவிப்பு அதைப் பார்க்கச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. பிற மாநிலச் சான்றிதழ், தந்தை பெயர், விதவைச் சான்றிதழின் படிவம் போன்ற, ஒருவரை உள்ளே வைக்கவும் வெளியே தள்ளவும் செய்கிற விதிகள் இப்படிச் சிதறிக் கிடப்பதற்கு ஆணையம்தான் பதில் சொல்ல வேண்டும். வயது அட்டவணையின் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில், அந்த எண்ணைப் பெறத் தேவையான சான்றிதழ், அதைத் தரும் அதிகாரி, அது யார் பெயரில் இருக்க வேண்டும் என்ற மூன்றையும் அச்சிடுவதற்கு ஒரு பக்கம்கூட ஆகாது. விண்ணப்ப இணையதளம் பிறந்த தேதியையும் சான்றிதழ் வழங்கிய மாநிலத்தையும் ஏற்கெனவே கேட்கிறதென்றால், ‘நீங்கள் ஏனையோர் பிரிவில் வைக்கப்படுவீர்கள், உங்களுக்கு வரம்பு 32’ என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம். முத்தியால்பேட்டையிலிருந்து வந்த மருமகள் அதைத் தேர்வுக்கு முன்பே தெரிந்துகொள்வாள். பயிற்சி மையத்துக்குக் கட்ட வைத்திருந்த பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்வாள்.